புது சிபேப் மெஷின்: கழுவுறது, லீக், வறட்சி

உங்களுக்கு குடுத்திருக்கற சிபேப், தூக்கத்துல மூச்சு அடைபடாம இருக்க காத்த அழுத்தி உள்ள அனுப்புற மெஷின், மூக்கு மாஸ்க்கும் தண்ணி சேம்பரும் வச்சது. ப்ரெஷர் 9ல செட் பண்ணிருக்கு, அத நீங்களா மாத்தாதீங்க, மத்ததெல்லாம் உங்க கைலதான்.

காலைல எழுந்ததும் மாஸ்க்ல மூஞ்சில படுற அந்த சிலிக்கான் குஷன மட்டும் கழட்டி வெதுவெதுப்பான தண்ணி, வாசனை இல்லாத சோப்பு போட்டு கழுவி நிழல்ல காய வைங்க. ஸ்பிரிட், பிளீச், டெட்டால் எதுவும் வேணாம், சிலிக்கான் கெட்டுப்போகும். சேம்பர்ல மிச்சம் இருக்கற தண்ணிய கொட்டிட்டு ராத்திரி புதுசா டிஸ்டில்ட் வாட்டர் ஊத்துங்க. டியூப், ஸ்ட்ராப், சேம்பர் எல்லாம் வாரம் ஒருக்கா சோப்பு தண்ணில அலசினா போதும். பில்டர் சாம்பல் கலராயிட்டா மாத்திடுங்க, வெள்ளையா மெல்லிசா இருக்கறத கழுவி திரும்ப போடக்கூடாது.

இப்ப லீக். எல்லாரும் பண்றது என்னன்னா காத்து போகுதேன்னு ஸ்ட்ராப்ப இறுக்கிக்கிட்டே போறது, குஷன் நசுங்கி மடிஞ்சு இன்னும் அதிகமாதான் லீக் ஆகும், காலைல மூக்கு மேல செவப்பா தழும்பு வேற. உட்கார்ந்துட்டு மாட்டாதீங்க, படுத்தா கன்னம் வேற மாதிரி விழும். படுத்து மெஷின ஆன் பண்ணிட்டு, மாஸ்க்க மூஞ்சில இருந்து லேசா முன்னால இழுத்து குஷன்ல காத்து நிறைஞ்சதும் மெதுவா வச்சு விடுங்க, அப்புறம் கீழ் ஸ்ட்ராப்ப ரெண்டு பக்கமும் சமமா சரி பண்ணுங்க. ஸ்ட்ராப்புக்கு அடில ஒரு விரல் போகணும். அப்பவும் போகுதுன்னா மூஞ்சில க்ரீமோ எண்ணெயோ இருக்கான்னு பாருங்க, பாதி லீக் அதுலதான். மாஸ்க் முன்னாடி சின்ன ஓட்டைங்க வழியா வர்ற காத்து லீக் இல்ல, நீங்க விடுற மூச்சு வெளிய போற வழி, அத டேப் போட்டு அடைச்சிடாதீங்க ப்ளீஸ்.

தொண்டை, மூக்கு காய்ஞ்சு போச்சுன்னா மெஷின்ல காத்தோட ஈரத்த கூட்டி குறைக்கற ஹியூமிடிட்டி செட்டிங்க ஒரு நம்பர் ஏத்தி ரெண்டு மூணு ராத்திரி பாருங்க. டியூப்ல தண்ணி சேர்ந்து மூஞ்சில தெறிச்சா ஒரு நம்பர் குறைங்க, இல்ல டியூப்புக்கு துணி கவர் போடுங்க, மெஷின் எப்பவும் கட்டில் உயரத்துக்கு கீழயே இருக்கட்டும். வாய் மட்டும் பாலைவனமா இருக்குன்னா ஹியூமிடிட்டி ஏத்தி பிரயோஜனம் இல்ல, தூக்கத்துல வாய் தொறந்து காத்து அந்த வழியா போகுது. மூக்கடைப்பு இருந்தா படுக்கறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி ஸ்ப்ரே அடிங்க, அதுக்கும் சரியாகலன்னா வாயையும் மூடுற பெரிய மாஸ்க் மாத்தணும், எங்கள கேளுங்க.

மெஷின தூக்கறப்ப சேம்பர்ல தண்ணி இருக்கக்கூடாது, உள்ள போச்சுன்னா மோட்டார் காலி. மூக்குல ரத்தம் வந்தாலோ, தோல் உரிஞ்சாலோ, வயித்துல காத்து நிறைஞ்சு உப்பினாலோ மாஸ்க்க ஓரமா போட்டுட்டு சும்மா இருந்துடாதீங்க, அன்னிக்கே போன் பண்ணுங்க.