டையிங் மெயில்: என் திருத்தங்களும் காரணங்களும்

தம்பி,

டையிங் மேனேஜருக்கு நீ எழுதிய மெயிலைப் படித்தேன். நானே மாற்றி எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மெயில் உன் பெயரில் போகிறது, நாளைக்கு அவர் போன் போட்டால் நீதான் பேச வேண்டும். அதனால் எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அந்தந்த வரிக்குக் கீழேயே எழுதியிருக்கிறேன்.

சிசி: அவர்களுடைய முதலாளியைச் சேர்த்திருந்தாய். எடுத்துவிட்டேன். மேனேஜர் இன்னும் துணியையே பார்க்கவில்லை. முதலில் அவருக்குச் சொல்வோம்.

நீ எழுதியது: "நீங்கள் அனுப்பிய நேவி துணி முழுவதும் ஷேடு சரியில்லை."

மாற்றம்: "லாட் 3-இல் வந்த 14 ரோல்களில் 5, 6, 9, 12 ஆகிய நான்கும் அப்ரூவ் ஆன லேப் டிப்போடு சேரவில்லை. டி65 லைட்டில் சரியாகத் தெரிகின்றன. டிஎல்84-இல் சிவப்பு அடிக்கிறது. நான்கையும் வெட்டாமல் தனியாக வைத்திருக்கிறோம்."

இந்த வரிதான் முக்கியம். மற்ற 10 ரோல்களை நாமே பாஸ் செய்து கட்டிங்குக்குக் கொடுத்துவிட்டோம். "முழுவதும்" என்று எழுதிவிட்டு அது அவருக்குத் தெரிந்தால், மெயிலில் இருக்கிற உண்மையையும் நம்பமாட்டார். எந்த லைட் என்று சொல்லாவிட்டால் அவர் தன் லேபில் டி65-இல் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு, "மேட்ச் ஆகுதேப்பா" என்பார். நம் பையர் கடை வெளிச்சத்துக்கு டிஎல்84-இல்தான் பார்க்கிறார். "வெட்டாமல்" என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதே. வெட்டிய துணியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி டையிங்கில் கேட்கவே முடியாது.

நீ எழுதியது: "ரோல் நம்பர் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வண்டியில் அனுப்புகிறேன்."

இதில் கை வைக்கவில்லை. எனக்குத் தோன்றியிருக்காது, நல்ல யோசனை.

நீ எழுதியது: "உடனே சரிசெய்யாவிட்டால் டெபிட் நோட் போடுவோம்."

மாற்றம்: "நான்கையும் ரீபிராசஸ் செய்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் தர முடியுமா? சனிக்கிழமை காலை கட்டிங் வைத்திருக்கிறோம். முடியாது என்றால் இன்றே சொல்லிவிடுங்கள்."

டெபிட் போடுவதை நீயும் நானும் முடிவு செய்ய முடியாது, அது நம் முதலாளி கையில் இருக்கிறது. போட முடியாததைச் சொன்னால் அடுத்த முறை நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. "உடனே" என்பதை அவர் தன் வசதிக்கு எடுத்துக்கொள்வார், அதனால்தான் கிழமை போட்டேன். நீ கோபப்பட்டது நியாயம்தான். போன மாதமும் இதே நேவிதான் படுத்தியது. அதை நேரில் பார்க்கும்போது சொல்லலாம்.

அப்புறம் ஒரு யோசனை, சேர்ப்பதும் விடுவதும் உன் விருப்பம்: "ரீபிராசஸ் ஆனதும் ஜிஎஸ்எம், ஷ்ரிங்கேஜ் பார்த்து அனுப்புங்கள்." மறுபடி சாயத்தில் போட்டால் துணி சுருங்கி ஜிஎஸ்எம் ஏறிவிடலாம்.

ஒத்துவராத திருத்தத்தை அடித்துவிட்டு உன் வரியையே வைத்துக்கொள். சந்தேகம் என்றால் செக்கிங் டேபிளுக்கு வா, அங்கேதான் இருப்பேன். டையிங் வண்டி 4 மணிக்கு வருகிறது, அதற்குள் மெயில் போய்விடட்டும்.

அக்கா