வாடகைத் திட்டம் முடிப்பு: பொருள் எடுக்கும் நாள், பிடித்தம் விவரம்

வணக்கம் அண்ணாச்சி,

மகாராஜ நகர் வீட்டைக் காலி செய்வதாக நீங்கள் அனுப்பிய தகவல் கிடைத்தது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தையுடன் கட்டில் மூன்றையும் ஜூன் 28 சனிக்கிழமை எடுத்துக்கொள்கிறோம். உழவர் சந்தைக் கூட்டம் குறைந்தபின் 11 மணிக்கு மேல் குட்டி யானையும் இரண்டு ஆட்களும் வருவார்கள். மாடியிலிருந்து இறக்கக் கூலி கிடையாது, யாரும் கேட்டாலும் கொடுக்க வேண்டாம்.

ஆறு மாதக் கட்டாயக் காலம் தாண்டி ஒன்பது மாதம் ஆகிவிட்டதால் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் இல்லை. ஜூன் வாடகை 1,950 ரூபாய் கட்டியாயிற்று. உங்கள் பக்கம் தள்ளிப்போய் 30ஆம் தேதியைத் தாண்டினால் நாளுக்கு 65 ரூபாய் சேரும். எங்கள் வண்டி தாமதமானால் அது எங்கள் பொறுப்பு. ஆட்டோபேயை நாங்கள் 30ஆம் தேதி நிறுத்துகிறோம். நீங்களும் உங்கள் யுபிஐ செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிட்ஜை வெள்ளிக்கிழமை காலையிலேயே அணைத்து, கதவிடுக்கில் துண்டு வைத்துத் திறந்தே விடுங்கள். ஐஸ் உருகாமல் ஏற்றினால் பின்தட்டுத் தண்ணீர் வண்டியில் சிந்தி மோட்டார் ஒயரில் இறங்கிவிடும். எக்காரணம் கொண்டும் படுக்கவைக்காதீர்கள், கம்ப்ரசர் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும்.

வாஷிங் மெஷின் முன்கதவு மாடல் என்பதால் கொஞ்சம் கூடுதல் வேலை. குழாயை மூடிக் கழற்றுங்கள். கீழே முன்பக்கம் உள்ள ஃபில்டர் மூடிக்கு அடியில் தட்டு வைத்து மெதுவாகத் திருகுங்கள், தேங்கிய தண்ணீர் வரும். மாட்டியபோது கழற்றிய நான்கு நீளப் போல்ட்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்திருந்தோம். அவை இல்லாமல் ஏற்றினால் டிரம் ஆடி ஷாக் அப்சார்பர் போய்விடும். பை தொலைந்திருந்தால் 320 ரூபாய். வேறு செட் கொண்டுவர வேண்டும், முன்னமே சொல்லிவிடுங்கள்.

கட்டிலை எங்கள் ஆட்களே கழற்றுவார்கள்.

பிடித்தம் பற்றி: போர் தண்ணீரின் உப்புக்கறை, சிறு கீறல், கதவு ரப்பர் தளர்வு, மெத்தை ஓரம் மங்கியது எல்லாம் புழக்கத் தேய்மானம், காசு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் காய்கறிப் பெட்டியின் கைப்பிடி மூலை விண்டிருக்கிறது. அதற்கு 450 ரூபாய். அதே மாடல் பெட்டி வாங்கி மாற்றிவைத்தால் அதுவும் இல்லை. மெத்தையில் ஈரக்கறை இருந்தால் சலவைக்கு 600.

ஃபிரிட்ஜை அணைப்பதற்கும் மெஷின் குழாயைக் கழற்றுவதற்கும் முன்பே இரண்டையும் ஓடவிட்டு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவர் எழுதும் சோதனைத் தாளை வாசித்தபின் கையெழுத்திடுங்கள், வெற்றுத் தாளில் வேண்டாம். ஒரு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். குடோனில் வேறு சேதம் தெரிந்தால் இரண்டு வேலை நாளுக்குள் படத்துடன் சொல்வோம். அதற்குப்பின் எதுவும் கேட்கமாட்டோம். முன்பணம் 5,000 ரூபாயில் பிடித்தம் போக மீதி, ஏழு வேலை நாளில் உங்கள் கணக்குக்கு வரும். இப்போதைய கணக்குப்படி 4,550.

போல்ட் பை இருக்கிறதா என்று வியாழன் மாலைக்குள் ஒரு படம் அனுப்பிவிடுங்கள் அண்ணாச்சி.

வாடகைப் பிரிவு,
பாளையங்கோட்டை