உங்கள் ஜீவனாம்ச உத்தரவு: எவ்வளவு, எந்தத் தேதியில், வராவிட்டால் என்ன செய்வது

22.12.2025

அன்புள்ள தங்கைக்கு,

வியாழக்கிழமை நீதிபதி உத்தரவைப் படித்தபோது உங்களுக்குப் பாதிதான் புரிந்தது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வராண்டாவில் நின்று விளக்க நேரமில்லை. அதனால் நிதானமாக எழுதுகிறேன். உத்தரவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த நகலைக் கட்டணமில்லாமல் பெறுவது சட்டப்படி உங்கள் உரிமை. அதற்காக யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முதலில் தொகை. உங்களுக்கு மாதம் 7,000 ரூபாய், மகளுக்கு 4,500, மகனுக்கு 3,500. மொத்தம் 15,000. தனித்தனியாகப் பிரித்து எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளின் பங்கு பிள்ளைகளுடையது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் என்ன தகராறு நடந்தாலும் அந்த 8,000 ரூபாயை அவர் அதோடு முடிச்சுப் போட முடியாது. இந்த உத்தரவுக்கு அடிப்படையான சட்டப் பிரிவின்படி அவர்களுக்கு 18 வயது ஆகும்வரை அது தொடரும்.

இந்த உத்தரவு டிசம்பர் 18-இல் பிறந்தாலும், மனு போட்ட நாளான 10.09.2024 முதல் கணக்கு ஓடுகிறது. மனு தேதியிலிருந்துதான் ஜீவனாம்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதன்படி 09.12.2025 வரை 15 மாதம், 2,25,000 ரூபாய். இடைக்கால உத்தரவின்படி அவர் ஏழு தடவை 6,000 கட்டியிருக்கிறார். அந்த 42,000-ஐக் கழித்தால் பாக்கி 1,83,000. இதை 12 தவணையாக, மாதம் 15,250 வீதம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, 2026 ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில் வர வேண்டியது 30,250 ரூபாய். அதற்குப் பிறகு 15,000 மட்டும். ஓராண்டுக்கு வருவதில் பாதி பழைய பாக்கிதான். மாத வாடகையையோ சீட்டையோ 30,250-ஐ நம்பி ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்குச் செலவு 10,000 ரூபாய் தனி. அதற்கு 30 நாள் கெடு, அதாவது ஜனவரி 17.

தேதிக்கு வருவோம். ஒவ்வொரு ஆங்கில மாதமும் 10-ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியிருக்க வேண்டும். முதல் தேதியான ஜனவரி 10 இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அதைச் சாக்காக அவர் சொன்னால் ஏற்க வேண்டாம். ஆன்லைனில் விடுமுறை நாளிலும் பணம் அனுப்பலாம்.

இனி எழுதுவதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். என் அனுபவத்தில் பெண்கள் ஏமாறுவது இங்கேதான். பணமே தராத கணவர்களைவிட, கொஞ்சம் கொடுத்துக் கணக்கைக் குழப்புகிறவர்களால்தான் அதிகத் தொல்லை. "பள்ளிக் கட்டணம் நான் நேராகக் கட்டிவிட்டேன், அதைக் கழித்துக்கொள்" என்பார்கள். உத்தரவில் எட்டாம் பத்தியைப் பாருங்கள்: வங்கிக் கணக்கில் செலுத்துவதுதான் செலுத்தியதாகக் கருதப்படும். சைக்கிள், தீபாவளித் துணி, கட்டணம் எல்லாம் அப்பாவாக அவர் செய்வது. அது ஜீவனாம்சத்தில் கழியாது. கையில் ரொக்கமாகக் கொடுத்தால் "கணக்கில் போடுங்கள்" என்று சொல்லுங்கள். குறைத்துப் போட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதால் மீதியை விட்டுக்கொடுத்ததாக ஆகாது. ஆனால் "முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்ற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வாட்ஸ்அப்பில் "சரி" என்று அனுப்புவதும் அப்படித்தான்.

இன்னொன்று: "பிள்ளைகளைக் காட்டு, அப்புறம் பணம்" என்று கேட்டால், இரண்டும் வேறு வேறு என்று பதில் சொல்லுங்கள். பார்க்கும் உரிமைக்கு அவர் தனியாக மனு போடட்டும். அதேபோல, பணம் வரவில்லை என்பதற்காக நீங்களும் பிள்ளைகளை மறைக்க வேண்டாம். அது உங்கள் வழக்கைக் கெடுக்கும், பிள்ளைகளுக்கும் நல்லதல்ல.

ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாதம், வர வேண்டியது, வந்தது, வந்த தேதி, மீதி. மாதாமாதம் 11-ஆம் தேதி பாஸ்புக்கைப் பதிந்து இதில் எழுதுங்கள். நாளை நீதிமன்றத்தில் உங்கள் சார்பில் பேசப்போவது இந்த நோட்டும் பாஸ்புக்கும்தான்.

சரி, பணம் வரவே இல்லையென்றால்? போன் போட்டுச் சண்டை வேண்டாம். அவர் வீட்டுக்கும் போக வேண்டாம். 11-ஆம் தேதி எனக்குச் சொல்லுங்கள், நான் ஒரு நோட்டீஸ் அனுப்புவேன். அடுத்த 10-ஆம் தேதியும் தவறினால் அதே குடும்ப நல நீதிமன்றத்தில் நிறைவேற்று மனு போடுவோம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவுப்படி நீதிமன்றம் வாரண்ட் பிறப்பித்து, அபராதத்தை வசூலிப்பதுபோல அந்தத் தொகையை வசூலிக்கலாம். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை, அல்லது அதற்குமுன் பணம் கட்டும்வரை, சிறையில் வைக்கலாம். சிறைக்குப் போனதால் கடன் தீராது. சிறை என்பது கட்டவைக்கும் வழி மட்டுமே, பணத்துக்கு ஈடல்ல என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருக்கிறது.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் நம்புவது சம்பளப் பற்றுகையை, அதாவது நீதிமன்ற உத்தரவால் சம்பளத்திலிருந்தே பணத்தைப் பிடிப்பதை. அவர் மாதச் சம்பளக்காரர். சாதாரணக் கடன் என்றால் சம்பளத்தில் தொடக்கூடிய பங்கு குறைவு. ஜீவனாம்சத்துக்கு மட்டும் மூன்றில் இரண்டு பங்குவரை பற்றலாம், அவருக்கு மூன்றில் ஒரு பங்கை விட்டால் போதும். உத்தரவு நிறுவனத்துக்குப் போய்விட்டால் அவர் கைக்கு வருமுன் பணம் பிடிக்கப்படும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டாலும் பயமில்லை. அவர் இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே இந்த உத்தரவை நிறைவேற்றலாம்.

ஒரே ஒரு கெடுவை மறக்கக் கூடாது. தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வாரண்டுக்கு மனு போட வேண்டும். "பிள்ளைகளின் அப்பாவாயிற்றே, பார்ப்போம்" என்று இரண்டு வருடம் பொறுத்துவிட்டு வந்தவர்களின் பழைய மாதங்கள் இந்த வழியில் கைவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஜனவரி 10 பாக்கிக்கு 2027 ஜனவரி 9-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். நாம் அவ்வளவு நாள் காத்திருக்கப் போவதில்லை.

அவர் உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு மனுவோடு போகலாம். போனேன் என்று சொல்வதால் மட்டும் எதுவும் நிற்காது. தடை உத்தரவு கையில் இருந்தால்தான் நிற்கும். உங்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது: செலவு கூடினாலோ அவர் சம்பளம் உயர்ந்தாலோ தொகையைக் கூட்டக் கேட்கலாம். குறைக்கக் கேட்க அவருக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் நீதிமன்றம் மாற்றும்வரை 15,000 என்பது 15,000-தான்.

இந்த வேலைக்கெல்லாம் எனக்கு நீங்கள் பணம் தர வேண்டியதில்லை. பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நான் ஊரில் இல்லாத நாளில் 15100-க்கு அழையுங்கள்.

ஜனவரி 12, திங்கட்கிழமை காலை 10 மணிக்குச் சட்ட உதவி மைய அறைக்கு வாருங்கள். பாஸ்புக்கைப் பதிந்து எடுத்து வாருங்கள். பணம் வந்திருந்தாலும் வாருங்கள், முதல் வரியை நோட்டில் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
உங்கள் வக்கீல் அக்கா