வலைப்பக்கக் கோரிக்கை ஒன்று அடுக்குகளைக் கடக்கும் விதம்

ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறவர்கள்கூட, ரவுட்டரைத் தாண்டும்போது எந்த முகவரி மாறும் என்று கேட்டால் திணறுவார்கள். அடுக்குகளைப் பெயர்ப் பட்டியலாகப் படிப்பதால் வரும் வினை இது. இந்த அடுக்கு யாரிடம் பேசுகிறது, எந்த முகவரியை வைத்துப் பேசுகிறது என்று ஒவ்வொன்றிலும் கேட்டுப் பாருங்கள். பாதி குழப்பம் தீரும்.

ஓஎஸ்ஐ மாதிரி 1984இல் தரமாக வெளியானது. நடைமுறையில் இணையம் ஓடுவது டிசிபி/ஐபியின் நான்கு அடுக்குகளில்: பயன்பாடு, போக்குவரத்து, இணையம், இணைப்பு. ஓஎஸ்ஐ சொல்லும் அமர்வு, வழங்கல் அடுக்குகளுக்கு இங்கே தனி இடம் கிடையாது. மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் ஐந்தாவதா, ஆறாவதா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. டிசிபிக்கு மேலே, எச்டிடிபிக்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் வேலை நடக்கும்.

பிரவுசரில் `https://example.com/` என்று தட்டுகிறோம். நம் கணினி 192.168.1.20/24, கேட்வே 192.168.1.1. பெயரை வைத்துப் பாக்கெட் அனுப்ப முடியாது என்பதால் முதலில் டிஎன்எஸ். பிரவுசரின் கேஷிலும் இயங்குதளத்தின் கேஷிலும் இல்லையென்றால் ரிசால்வருக்குக் கேள்வி போகும், வழக்கமாக யுடிபி போர்ட் 53 வழியாக. பதிலாக 203.0.113.10 வந்ததாகக் கொள்வோம்.

அந்த முகவரி நம் /24 வலைக்குள் இல்லை. ஆகவே பாக்கெட் கேட்வேக்குப் போக வேண்டும். அதன் மேக் முகவரி தெரியாவிட்டால், “192.168.1.1 யாரிடம் இருக்கிறது?” என்று ஏஆர்பி உள்வலை முழுக்கக் கூவிக் கேட்கும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: ஃப்ரேமில் எழுதப்படும் சேருமிட மேக் கேட்வேயுடையது, அதற்குள் இருக்கும் ஐபி ஹெட்டரின் சேருமிடமோ சர்வருடையது. சர்வரின் மேக் முகவரி நமக்குத் தெரியவே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்து டிசிபி: `SYN`, `SYN-ACK`, `ACK`. இதற்கு ஒரு முழுச் சுற்று. டிஎல்எஸ் 1.3 கைகுலுக்கலுக்கு இன்னொரு சுற்று. கோரிக்கையும் பதிலும் மூன்றாவது. சுற்றுக்கு 40 மில்லிவினாடி என்றால், டிஎன்எஸ் நேரம் சேராமலே, முதல் பைட் வர 120 மில்லிவினாடி ஆகிவிடும். எச்டிடிபி/3 யுடிபி மேல் ஓடும் க்விக்கைப் பயன்படுத்துவது, முதல் இரண்டு சுற்றுகளையும் ஒன்றாக்கத்தான்.

இனி கோரிக்கை. எச்டிடிபி/1.1இல் அது வெறும் எழுத்துதான்:

```
GET / HTTP/1.1
Host: example.com
```

பிரவுசர் சேர்க்கும் மற்ற ஹெட்டர்களோடு இது 400 பைட் என்று கொள்வோம். டிஎல்எஸ் 1.3இன் வழக்கமான மறையாக்கத்தில் 22 பைட் கூடி 422. டிசிபி ஹெட்டர் 20, ஐபிவி4 ஹெட்டர் 20: மொத்தம் 462. ஈதர்நெட் முன்னால் 14, பின்னால் பிழைசோதனைக்கு 4 சேர்க்க, 480 பைட் ஃப்ரேம் கம்பியில் ஏறும். டிசிபியில் கூடுதல் ஆப்ஷன்கள் இருந்தால் இன்னும் சற்று கூடும். பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் பிழைசோதனையின் 4 பைட் பெரும்பாலும் தெரியாது. கணக்கு உதைத்தால் இவ்விரண்டையும் முதலில் பாருங்கள்.

ரவுட்டர் ஃப்ரேமைக் கழற்றி எறிந்து, இன்னும் எத்தனை தாவல் போகலாம் என்று சொல்லும் டிடிஎல்லில் ஒன்றைக் குறைத்து, அடுத்த தாவலுக்குப் புது ஃப்ரேம் கட்டும். ஆகவே மேக் முகவரிகள் தாவலுக்குத் தாவல் மாறும். ஐபி முகவரிகள் மாறாது. நேட் செய்யும் ரவுட்டர் மட்டும் விதிவிலக்கு: அது 192.168.1.20ஐ எடுத்துவிட்டுத் தன் பொது முகவரியைப் போடும், போர்ட்டையும் மாற்றக்கூடும். சர்வரில் இந்த ஹெட்டர் உறைகள் கீழிருந்து மேலாகப் பிரிபடும்.

பக்கம் வராதபோது எந்த அடுக்கில் உடைந்தது என்று `curl` சொல்லும்:

```
curl -v https://example.com/
```

`Could not resolve host` என்றால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். `Connection refused` என்றால் பெரும்பாலும் பாக்கெட் சர்வர்வரை போயிருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. நேரம் கடந்து நின்றால் வழியில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம். `SSL certificate problem` என்றால் டிசிபிவரை நலம். 404 வந்தால் கீழடுக்குகளைக் குறை சொல்லாதீர்கள். அத்தனையும் வேலை செய்ததால்தான் அந்த எண்ணே வந்தது.

இவற்றில் மிகவும் ஏமாற்றுவது ஒன்று உண்டு. `ping` பதில் தரும், டிசிபி இணையும், அதன்பின் அப்படியே தொங்கும். ஒரு இணைப்பு ஏற்கும் பாக்கெட்டின் உச்ச அளவே எம்டியு. 1500 பைட் எம்டியு முழுக்க நிரம்பிய பாக்கெட், வழியில் அதைவிடச் சிறிய எம்டியு கொண்ட இணைப்பில் மாட்டியிருக்கும். “பெரிது, சிறிதாக்கு” என்று திரும்பி வரவேண்டிய ஐசிஎம்பி செய்தியை ஏதோ ஃபயர்வால் தடுத்திருக்கும். சின்ன பாக்கெட்டுகள் தப்பிப்பதால் எல்லாம் சரி போலவே தோன்றும். லினக்ஸில் இப்படிச் சோதிக்கலாம்:

```
ping -4 -M do -s 1472 example.com
```

1472உடன் ஐசிஎம்பி ஹெட்டர் 8, ஐபி ஹெட்டர் 20 சேர்ந்தால் சரியாக 1500. இதற்குப் பதில் வராமல் `-s 1400`க்கு மட்டும் வந்தால், கோளாறு இருப்பது இங்கேதான்.