பால்கனிச் செடிகள்: தண்ணீர் அட்டவணை

தினமும் காலை 7 மணிக்குள்: புதினா, துளசி, மல்லிகை. முதலில் விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரமண் ஒட்டினால் அன்று வேண்டாம்.

திங்கள், வியாழன்: கறிவேப்பிலை, மணி பிளாண்ட்.

ஞாயிறு: கற்றாழைக்கு அரை டம்ளர். மறந்தாலும் பரவாயில்லை, அதிகம் ஊற்றினால்தான் அழுகும்.

அக்னி நட்சத்திரம்: புதினாவுக்கு மாலை 6 மணிக்கும் ஒரு தடவை. மேற்கு வெயில் சுள்ளென்று அடிக்கும், தொட்டியைச் சுவரோரம் நகர்த்துங்கள். கறிவேப்பிலைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். உரம் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை மழை: கிழமைக் கணக்கு கிடையாது, விரல் சோதனை மட்டும். கற்றாழை வீட்டுக்குள். தட்டில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும். அப்புறம், சாரல் எட்டாத உள்வரிசைத் தொட்டிகள் அடைமழையிலும் காயும். அவற்றை விட்டுவிடாதீர்கள்.