பணி ஓய்வு விழாவுக்கு வர முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். 31ஆம் தேதி மாலை உங்கள் பிரிவு உபசார விழாவுக்கு என்னால் வர முடியவில்லை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று இரவு போனில் பேசியபோது, "அதனால என்னப்பா, முதல்ல வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டீர்கள். பின்னால் ஆயில் ஃபில்டர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, நீங்கள் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. அந்த இரண்டு நிமிடப் பேச்சோடு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 30ஆம் தேதி இரவு பக்கத்துக் கோட்டத்து சப்ஸ்டேஷனில் ஒரு 16 எம்விஏ டிரான்ஸ்ஃபார்மரில் புக்கோல்ஸ் அலாரம் வந்திருக்கிறது. ஆபரேட்டர் போன் எடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் டிரிப்பும் ஆகிவிட்டது. சும்மா ரீசெட் செய்து சார்ஜ் பண்ணிப் பார்க்கிற விஷயம் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். மிச்சமிருந்த ஒரு டிரான்ஸ்ஃபார்மரால் மொத்த லோடையும் இழுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி ஃபீடரையும் குடிநீர் பம்பிங் ஃபீடரையும் நிறுத்தக்கூடாது என்று மற்ற ஃபீடர்களை முறை வைத்து ஆஃப் செய்துகொண்டிருந்தார்கள். டெஸ்டிங்கில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவர் ஆபரேஷன் முடிந்து மெடிக்கல் லீவில் இருக்கிறார். அதனால் ராத்திரியே வண்டி ஏறிவிட்டேன்.

அப்போதுகூட விழாவுக்கு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். டெஸ்ட் எல்லாம் மதியத்துக்குள் முடிந்தால் நான்கு மணிக்கு ஹாலில் இருக்கலாம். அதிகாரியிடமும் சொல்லி வைத்திருந்தேன், அவரும் சரி என்றார். புக்கோல்ஸ் ரிலேயில் சேர்ந்திருந்த வாயுவை எடுத்துப் பார்த்தோம், பற்றி எரிந்தது. இன்சுலேஷன் மதிப்புகள் நன்றாகவே இருந்தன. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் எடுத்தபோதுதான் பி ஃபேஸ் மட்டும் மற்ற இரண்டோடு ஒட்டாமல் கூடுதலாகக் காட்டியது. லீடை மாற்றி, கிளாம்ப்பைத் தேய்த்து மறுபடி எடுத்தேன். அதே மதிப்பு. ஆயிலை இறக்கி இன்ஸ்பெக்‌ஷன் கவரைத் திறந்தால், புஷிங்குக்குக் கீழே உள்ள ஜாயின்ட் கருகிக் கிடக்கிறது.

திறந்தபோது மணி இரண்டரை. கவரைத் திறந்து போட்டுவிட்டு யாரும் எங்கும் போக முடியாது. உள்ளே இருக்கும் பேப்பர் இன்சுலேஷன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கும் பிறகு விலை கொடுக்க வேண்டும். நீங்கள் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், முழங்கை வரை ஆயிலோடு நான் டாங்க்குக்குள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். பையில் இருந்த போன் அடித்ததுகூடத் தெரியாது. அப்புறம் பார்த்தால் உங்கள் மகன் மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான். "அப்பா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காங்க" என்று ஒரு மெசேஜ். அதைப் படித்தபோது மனசு என்னவோ செய்துவிட்டது அண்ணே.

ஆயிலை ஏற்றி, ஃபில்டர் செய்து, பிரேக்டவுன் வோல்டேஜ் சரியாக வரும்வரை காத்திருந்து, எல்லா டெஸ்ட்டையும் மறுபடி எடுத்து, லோடு இல்லாமல் சார்ஜ் செய்து, பிறகு லோடு கொடுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப 2ஆம் தேதி விடிந்துவிட்டது.

வேலை அப்படி. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, நீங்களும் சொல்லமாட்டீர்கள். ஆனால் அதனால் என் வருத்தம் குறையவில்லை. விழா வீடியோவை முழுதாகப் பார்த்தேன். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். நேரம் தவறாமல் வருவீர்கள், யாரிடமும் முகம் சுளித்ததில்லை என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் சொல்ல வேண்டிய பெரிய விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் நான் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். அண்ணியும் பிள்ளைகளும் முன்வரிசையில் இருக்கும்போது சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது நடக்காமல் போனதற்குத்தான் முக்கியமாக மன்னிப்புக் கேட்கிறேன்.

நான் சொல்ல இருந்தது இதுதான். நீங்கள் ஃபோர்மேனாக இருந்த காலம் முழுவதும், உங்கள் கேங்கில் வேலைக்குப் போன ஒருவர்கூட உயிரோடு திரும்பாமல் இருந்ததில்லை. நம் வேலையில் இது சாதாரண விஷயமா? லைன்மேன் வீட்டில் ராத்திரி போன் அடித்தால் எப்படிப் பதறுவார்கள் என்று நமக்குத் தெரியும். உங்கள் கேங்கில் இருந்தவர்களின் வீடுகளில் அந்தப் பதற்றம் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதற்கு நீங்கள்தான் காரணம்.

நான் புதிதாகச் சேர்ந்த சமயம், இரட்டை லைனில் ஒன்றை நிறுத்தி வேலை செய்யப் போனோமே, நினைவிருக்கிறதா? லைன் கிளியர் வாங்கியாயிற்று, ஐசொலேட்டர் திறந்திருப்பதையும் கண்ணால் பார்த்தாயிற்று. இனி என்ன என்று நான் ஏணியைத் தூக்கினேன். நீங்கள் தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள். முதலில் தரைப் பக்கத்துக் கிளாம்ப்பை இறுக்கச் சொன்னீர்கள், பிறகு எர்த் ராடை லைனுக்குக் கொண்டுபோனீர்கள். கம்பியைத் தொடும் முன்பே 'சட்'டென்று ஒரு பொறி. பக்கத்தில் ஓடும் லைனிலிருந்து வந்த இண்டக்‌ஷன். "பேப்பர்ல கரண்ட் இல்ல. கம்பியைக் கேட்டியா?" என்றீர்கள். புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். ஆனால் அந்தப் பொறியைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. இன்றைக்கும் எர்த் போடாத கம்பிக்குக் கீழே என் கை தானாக நின்றுவிடும்.

அதேபோல் ஒரு மழை நாள். வேலை முடிந்து லைன் கிளியரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கன்ட்ரோல் ரூமிலிருந்து சத்தம் மேல் சத்தம். ஒரு ஹெல்பரை மட்டும் காணோம். "கை கழுவப் போயிருப்பான், கொடுத்துடுங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் அசையவில்லை. அந்தப் பையன் வந்து உங்கள் எதிரில் நின்ற பிறகுதான், போட்ட எர்த்துகளை எண்ணி எடுத்துவிட்டு, போனைக் கையில் எடுத்தீர்கள். தாமதத்துக்கு விளக்கம் கேட்டு வந்த மெமோவையும் வாங்கிக்கொண்டீர்கள். அந்தப் பையனுக்கு அது இன்றைக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். நீங்கள் சொல்ல மாட்டீர்கள். நான் சொல்லிவிடப் போகிறேன்.

அண்ணியிடமும் என் வருத்தத்தைச் சொல்லுங்கள். எனக்காக ஒரு நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் நேரிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை வீட்டுக்கு வரலாம் என்றிருக்கிறேன். நம் டெஸ்டிங் செக்‌ஷன் சார்பில் உங்களுக்கு வாங்கிய பரிசு என்னிடம்தான் இருக்கிறது, அதையும் கொண்டு வருகிறேன். பிள்ளைகளும் வீட்டில் இருந்தால் நல்லது. மேலே எழுதியதை அவர்கள் முன்னால் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். நீங்கள் வேண்டாம் என்று தடுக்கக்கூடாது. ஓய்வூதியத் தாள்களில் ஏதாவது கையெழுத்து பாக்கி இருந்தால் எடுத்து வையுங்கள். நீங்கள் அலைய வேண்டாம், நானே ஆபீசில் கொடுத்து முடித்துத் தருகிறேன்.

ஞாயிறு தோதுப்படாது என்றால் ஒரு போன் செய்யுங்கள், வேறு நாள் வைத்துக்கொள்ளலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் தம்பி
(டெஸ்டிங் செக்‌ஷன்)