மூன்று இடம், மூன்று உயரம்: பிரவுச்சருக்கான ட்ரோன் காட்சிப் பிராம்ட்கள்

12 ஏக்கர் விளைநிலம், ஏரிக்கரை ரிசார்ட், 60 மனை லேஅவுட். படம் உருவாக்கும் AI கருவியில் கொடுக்க மூன்றுக்கும் பிராம்ட் கீழே இருக்கிறது, அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். படம் எல்லாவற்றுக்கும் 3:2, லென்ஸ் 24 மி.மீ. இந்த லென்ஸில் நேர் கீழே பார்த்தால், பறக்கும் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும், உயரத்துக்குச் சமமான நீளமும் தரையில் தெரியும். உயரங்களை இந்தக் கணக்கில்தான் எடுத்தேன். "இன்னும் மேலே போகலாமே" என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

விளைநிலம்

ட்ரோனில் எடுத்த நிஜப் புகைப்படம் போன்ற காட்சி. உயரம் 120 மீட்டர். கேமரா கிடைமட்டத்திலிருந்து 35 பாகை கீழ்நோக்கி. தொடுவானம் தெரியக் கூடாது. நடுவில் பக்கத்துக்கு 220 மீட்டர் கொண்ட சதுர விளைநிலம், நான்கு எல்லையும் முழுதாக. இடது பாதியில் இளம் பயிர் வரிசைகள், வலது பாதியில் உழுத செம்மண். நடுவே நேரான வாய்க்கால், தண்ணீர் மின்னாமல் அமைதியாக. வலது ஓரத்தில் மண் பாதை, அது தார்ச்சாலையைத் தொடும் இடம் தெளிவாக. காலை வெயில் இடப்பக்கத்திலிருந்து, சூரியன் 30 பாகை உயரத்தில். வரப்புகளின் நிழல் வலப்பக்கம் நீள வேண்டும். எல்லைக்குள் மூட்டம் துளியும் வேண்டாம். எல்லைக்கு அப்பால் உள்ள வயல்களில் மட்டும் மெல்லிய நீல மூட்டம், தொலைவு கூடக் கூட நிறம் வெளிற. தவிர்க்க: மேகம், பறவைக் கூட்டம், மீன்கண் வளைவு, மிகையான பச்சை.

நேர் கீழே பார்த்து இந்த நிலத்தை முழுதாக அடக்க 220 மீட்டர் ஏற வேண்டும். பல நாடுகளில் சாதாரண ட்ரோனுக்கு 120 மீட்டர்தான் வரம்பு. அதோடு, அவ்வளவு மேலே போனால் வரப்பு கோடாகச் சுருங்கி, சாட்டிலைட் படம் மாதிரி ஆகிவிடும்.

ரிசார்ட்

உயரம் 40 மீட்டர், 20 பாகை கீழ்நோக்கி. தொடுவானம் படத்தின் மேலிருந்து ஏழில் ஒரு பங்கில், சாயாமல். முன்னால் ஓட்டுக் கூரை போட்ட எட்டுக் குடில்கள், அரைவட்டமாக. அவற்றுக்கு நடுவே நீச்சல் குளம். பின்னால் ஏரி, மறுகரையில் தாழ்ந்த குன்றுகள். சூரியன் மறைந்த பதினைந்தாவது நிமிடம்: வானம் நீலம், குடில் விளக்குகள் இளமஞ்சள், நடைபாதையில் தாழ்ந்த விளக்குகள். ஏரிப்பரப்பில் முழங்கால் உயரப் பனி, குடில்களைத் தொடாமல். தவிர்க்க: ஊதா வானம், நெருப்புப் போன்ற ஜன்னல்கள், கூட்டம், படகு வரிசை.

மூட்டத்தைத் தாராளமாக விட்டது இங்கே மட்டும்தான். ஆனால் குடில் கூரைமேல் ஏறினால் அந்தப் படத்தைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள். தங்குகிற இடம் மங்கலாக இருந்தால் யார் அறை எடுப்பார்கள்?

மனை லேஅவுட்

இணைத்துள்ள வரைபடத்தை அடிப்படையாகக் கொள், கோடுகளை மாற்றாதே. நேர் மேலிருந்து, 90 பாகை, உயரம் 120 மீட்டர். நடுவில் அகலம் 114 மீட்டர், நீளம் 99 மீட்டர் கொண்ட இடம். ஆறு வரிசை, வரிசைக்கு பத்து மனை. ஒவ்வொன்றும் 9 மீட்டர் முகப்பு, 12 மீட்டர் நீளம். வரிசைகளுக்கு இடையே 9 மீட்டர் அகலத் தார்ச்சாலை மூன்று, அவற்றை நடுவில் வெட்டும் அதே அகலச் சாலை ஒன்று. வலது ஓரத்தில் 15 மீட்டர் அகலப் பூங்கா, இளம் மரங்களோடு. மனைகள் வெறும் சமப்படுத்திய மண். மூலைகளில் வெள்ளை எல்லைக்கல். சூரியன் 60 பாகை உயரத்தில், நிழல் குட்டையாக. மூட்டம் எங்கும் இல்லை. சுற்றியுள்ள நிலம் நிறம் சற்றுக் குறைந்து, ஆனால் கூர்மையாக. தவிர்க்க: கட்டிய வீடு, கார், நீச்சல் குளம், எழுத்து, எண்.

இதே லேஅவுட்டின் அட்டைப்படத்துக்கு இன்னொன்று: உயரம் 70 மீட்டர், 45 பாகை, நுழைவாயில் முன்னால், மற்றதெல்லாம் மேலே சொன்னபடி. 45 பாகையில் தொடுவானம் வராது, அதனால் வானம் பற்றி எதுவும் எழுத வேண்டாம். எழுதினால் கருவி கேமராவை நிமிர்த்திவிடும்.

அறுபது மனையை இந்தக் கருவிகள் ஒழுங்காக எண்ணாது. வரைபடம் இணைக்காமல் ஓட்டினால் ஐம்பத்து மூன்று வரும், அடுத்த தடவை எழுபது வரும். வந்த படத்தின்மேல் வரைபடத்தைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, சாலைகளை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மனை எண்களை நாமே மேலே எழுதிக்கொள்ளலாம். பூங்காவில் இன்னும் மரம் நடவில்லை என்பதால், படத்தின் கீழ் ஓரத்தில் "கணினியில் உருவாக்கிய மாதிரிக் காட்சி" என்ற வரி படிக்கிற அளவில் இருக்க வேண்டும்.